ரியாக்‌ஷன், தொகுப்பு வீடியோக்கள்: ‘ரீயூஸ்டு கன்டென்ட்’ என்று யூடியூப் திருப்பி அனுப்பினால்?

கிளிப்பின் சொந்தக்காரர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் தொகுப்பு வெளியிட்டேன். காப்பிரைட் புகார் ஒன்றுகூட இல்லை. இருந்தும் விளம்பர வருமானத்துக்கான விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

இரண்டும் வேறு வேறு கணக்குகள். காப்பிரைட் என்பது உங்களுக்கும் கிளிப்பின் சொந்தக்காரருக்கும் இடையிலான விவகாரம். அவர் சம்மதித்தால் முடிந்துவிடும். ரீயூஸ்டு கன்டென்ட், அதாவது ஏற்கெனவே வெளியானதைப் பெரிதாக எதுவும் சேர்க்காமல் மறுபடி போடுவது, உங்களுக்கும் யூடியூபுக்கும் இடையிலானது. இந்த வீடியோவில் நீங்களாகச் சேர்த்தது என்ன என்பது மட்டுமே அங்கே கேள்வி. அனுமதி இருந்தாலும் இந்த விதி பொருந்தும் என்று யூடியூப் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பலருடைய பாடல்களை அனுமதியோடு வரிசையாக அடுக்கிய தொகுப்பையே அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தீர்ப்பு ஒரு வீடியோவுக்கு இல்லை, சேனல் முழுவதற்கும். பரிசீலிப்பவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சேனலின் மையப் பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, புதிதாக ஏற்றியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு பிடித்தவை, தலைப்பு, தம்ப்நெயில், விளக்கக் குறிப்பு இவற்றையே பார்ப்பார். உங்கள் நல்ல வீடியோக்கள் அடியில் கிடந்து, பழைய தொகுப்பு ஒன்று லட்சம் பார்வையோடு மேலே நின்றால், அவர் கண்ணில் படுவது அந்தத் தொகுப்புதான்.

சினிமா டிரெய்லர்களுக்கு ரியாக்‌ஷன் செய்கிறோம். என் முகம் திரையின் மூலையில் முழு நேரமும் தெரிகிறது. இது போதாதா?

போதாது. வாய் திறந்து பேசாமல் சிரிப்பது, கண்களை விரிப்பது, தலையில் கை வைப்பது மட்டுமே உள்ள ரியாக்‌ஷன், விதிக்குள் சிக்கும் வகை. மூல வீடியோவைப் பற்றிப் பேசும் ரியாக்‌ஷன் அனுமதிக்கப்படும் வகை. முகம் இருக்கிறதா என்பதைவிட, அந்த முகம் என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

நான் சொல்லும் சோதனை எளிமையானது. எடிட்டிங்கில் டிரெய்லரின் படத்தையும் ஒலியையும் அணைத்துவிட்டு, உங்கள் குரலை மட்டும் கேளுங்கள். “அடேயப்பா”, “செம மாஸ்”, “கூஸ்பம்ப்ஸ்” ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த வீடியோ உங்களுடையது இல்லை. கேட்பவருக்கு ஏதோ ஒரு கருத்து புரிகிறது என்றால் பிழைத்தீர்கள்.

முதல் தடவை பார்க்கும்போது எழும் வியப்பைப் பதிவு செய்யுங்கள், தவறில்லை. பிறகு கேமராவை நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு தடவை பாருங்கள். பேசுவதற்கு விஷயம் உள்ள மூன்று நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு ஷாட்டில் வெளிச்சம் ஏன் அப்படி விழுகிறது, ஒரு வசனம் கதையைப் பற்றி எதைக் காட்டிக்கொடுக்கிறது, பின்னணி இசை எந்த இடத்தில் நின்று மௌனமாகிறது. அந்த இடங்களில் மட்டும் டிரெய்லரை ஓடவிட்டு, நிறுத்தி, பேசுங்கள். மீதியை வெட்டிவிடுங்கள். டிரெய்லரை முதல் வினாடியிலிருந்து கடைசி வரை ஓடவிட்டால், அது டிரெய்லர் பார்க்க வந்தவர்களுக்கான வீடியோவாகிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை: இதையெல்லாம் செய்தாலும், பிறர் பாடலையும் காட்சியையும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வழியாக இசை நிறுவனத்தின் உரிமைகோரல் வரலாம், அந்த வீடியோவின் வருமானம் அவர்களுக்கே போகலாம். அது முதலில் சொன்ன காப்பிரைட் கணக்கு.

நான் நாமக்கல்லில் லாரி ஓட்டுநர். டேஷ்கேம் விபத்துக் காட்சிகளைச் சேர்த்து ‘டாப் 10’ போடுகிறேன். பார்வை நிறைய, பணம் இல்லை. எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் சரக்கு, இதே கிளிப்பைப் போடும் மற்றவர்களிடம் இல்லை.

முதலில் பத்தை மூன்றாகக் குறையுங்கள். மூன்றுக்கும் ஒரே இழை இருக்கட்டும்: உதாரணமாக, இடதுபக்கம் திரும்பும் லாரியிடம் சிக்கும் இருசக்கர வாகனங்கள். ஒரு கிளிப் 35 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதை அப்படியே ஓடவிட்டு, அடியில் சோக இசை சேர்க்கிறீர்கள். அதற்குப் பதிலாக ஒன்பதாவது வினாடியில் உறையவையுங்கள். பைக் அப்போது கேபினின் இடது கதவை ஒட்டி, சற்றுப் பின்னால் இருக்கிறது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, வலதுபக்க இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் ஏன் தெரியாது என்று சொல்லுங்கள். திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டி வருவதை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள். பிறகு நான்கைந்து வினாடி மட்டும் ஓடவிட்டு, மோதலுக்கு முன்பே நிறுத்துங்கள். கோரமான காட்சிக்கு விளம்பரம் கிடைப்பதும் கடினம்.

அடுத்ததுதான் முக்கியம். நிறுத்தி வைத்த உங்கள் லாரியில் ஏறி உட்கார்ந்து, அதே இடத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, கண்ணாடியில் அவர் தெரிகிறாரா என்று உங்கள் போனில் படம் எடுங்கள். அவர் ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர, எந்த இடத்தில் கண்ணாடிக்குள் வருகிறார் என்று காட்டுங்கள். இந்த ஒரு நிமிடம் உலகத்தில் வேறு எந்தச் சேனலிலும் கிடையாது. கிளிப் இப்போது உங்கள் பேச்சுக்குச் சாட்சியாக மாறிவிடுகிறது. தலைப்பையும் மாற்றுங்கள்: ‘டாப் 10 விபத்துகள்’ என்று எழுதிவிட்டு உள்ளே பாடம் நடத்தினால், தலைப்பைப் பார்க்கும் பரிசீலகருக்குப் பழைய தொகுப்பாகவே தோன்றும்.

கிளிப்பை இடவலமாகத் திருப்பி, வேகத்தைச் சற்றுக் கூட்டி, பார்டர் போட்டால் தப்பலாம் என்கிறார்களே? எத்தனை வினாடி வரை எடுக்கலாம்?

தப்ப முடியாது. அவை இயந்திரத்தின் கண்ணை மறைக்கச் செய்யும் வேலைகள். பார்க்கிற மனிதருக்கு எதையும் சேர்ப்பதில்லை. ‘ஏழு வினாடி’, ‘முப்பது சதவீதம்’ என்று உலவும் எந்த எண்ணும் இந்த விதியில் இல்லை.

நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்வதா, பழைய வீடியோக்களை அழித்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பதா?

சேனல் உண்மையிலேயே சரியாக இருக்கிறது, பரிசீலித்தவர் கவனிக்கவில்லை என்றால் மேல்முறையீடு. அதற்கு 21 நாள் அவகாசம் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வீடியோ எடுத்து, பட்டியலிடப்படாததாக உங்கள் சேனலிலேயே ஏற்றி அனுப்ப வேண்டும். முதல் 30 வினாடிக்குள் சேனலின் இணைய முகவரி வந்துவிட வேண்டும். கெஞ்சுவதிலும் குடும்பக் கஷ்டம் சொல்வதிலும் நேரத்தைச் செலவிடாதீர்கள். குறிப்பு எழுதிய தாள், குரல் பதிவு செய்யும் இடம், எடிட்டிங் திரையில் உங்கள் குரலும் படங்களும் அடுக்கடுக்காகக் கிடப்பது, இவற்றைக் காட்டுங்கள்.

சேனலில் வெறும் தொகுப்புகள்தான் அதிகம் என்றால் மேல்முறையீடு வீண். திருத்திவிட்டு, முதல் நிராகரிப்பு என்றால் 30 நாள் கழித்தும், மறுபடி நிராகரிக்கப்பட்டிருந்தால் 90 நாள் கழித்தும் விண்ணப்பியுங்கள். ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். அழித்த வீடியோவின் பார்வை நேரம் கணக்கிலிருந்து போய்விடும். பிரைவேட் ஆக்கினாலும் அப்படியே. கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் என்ற தகுதிக்குக் கீழே இறங்கிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது. புதிய பாணியில் வீடியோக்களை ஏற்றி, அவை மணி நேரத்தைச் சேர்க்கச் சேர்க்கப் பழையதை ஒவ்வொன்றாக எடுங்கள்.

நானே எடுத்த வீடியோக்கள்தான். முதலில் ஃபேஸ்புக்கில் வேறு பெயரில் போட்டேன். அதற்கும் இதே முத்திரை விழுந்திருக்கிறதே?

இரண்டும் ஒரே ஆள் என்று பரிசீலகருக்கு எப்படித் தெரியும்? யூடியூப் சேனலின் அறிமுகப் பகுதியில் ஃபேஸ்புக் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள், அங்கே யூடியூப் இணைப்பைக் கொடுங்கள். பிறகு மேல்முறையீட்டு வீடியோவில் அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து காட்டுங்கள்.