எழுத்து பெரிதானது, தாத்தா படித்துவிட்டார்

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது, காதும் மந்தம். அதனால் என் மகன் அவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும்போது, பேசுவதை எழுதியும் அனுப்புகிறான். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன். இருந்தும் "படம்தான் தெரியுது, எழுத்து தெரியலை" என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் எழுதுவது வீடியோவுக்குக் கீழேயா, வீடியோவின் மேலேயா என்பதை முதலில் பாருங்கள். அனுப்பும் முன் கீழே உள்ள பெட்டியில் தட்டச்சு செய்தால் அது எழுத்தாகவே போய்ச் சேரும், போனின் அளவுக்கேற்ப வளரும். வீடியோவின் மேலேயே ஒட்டினால் அது படத்தின் ஒரு பகுதி ஆகிவிடும். போனில் எந்த அளவை வைத்தாலும் அசையாது. சந்தேகம் இருந்தால் எழுத்தளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மாறாமல் நிற்பது படம்.

இதே சிக்கலில் இருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். பேரன் பட்டம் விடும் வீடியோ வந்திருந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "பையன் பட்டம் விடுறான், நல்லா இருக்கான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேரனுக்கோ, தாத்தா பதிலே போடவில்லை என்று வருத்தம்.

அவர் போனில் நாங்கள் மாற்றியவை இரண்டே. ஆண்ட்ராய்டு போன் என்பதால் Settings > Accessibility > Display size and text போய் Font size கோட்டை உச்சத்துக்கு ஒரு படி கீழே வைத்தோம். (சில போன்களில் இது Display பகுதியில் இருக்கும்.) உச்சத்தில் வைத்தால் சில செயலிகளில் பொத்தான்களின் பெயர் பாதியோடு வெட்டுப்படும், அது வேறு தொல்லை. பிறகு வாட்ஸ்அப்புக்குள் Settings > Chats > Font size போய் Large. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐபோன் என்றால் Settings > Accessibility > Display & Text Size > Larger Text ஒன்றே போதும், வாட்ஸ்அப் அந்த அளவையே பின்பற்றும்.

அதற்குப் பிறகும் அவர் "தெரியலை" என்றார். எப்படிப் பார்க்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் காரணம் புரிந்தது. செய்தி வந்ததும் நேரே வீடியோவைத் தட்டுகிறார். அது திரை முழுக்க விரிந்து ஓடத் தொடங்குகிறது. அடியில் ஓரமாக வரும் எழுத்தோ சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது. "தட்டாதீங்க ஐயா, அப்படியே விட்டு, படத்துக்குக் கீழே பாருங்க" என்றேன். செய்தி நீளம் என்பதால் பாதியில் Read more என்று நின்றிருந்தது. அதைத் தட்டியதும் மீதி விரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியோடு நகர்த்தி, வாய்விட்டே படித்தார்: "தாத்தா, நீங்க சொன்ன மாதிரிதான் கட்டினேன். மேலே போய்ச் சுத்திச் சுத்தி விழுது. வால் எவ்வளவு நீளம் வைக்கணும்?"

"இதைக் கேட்டிருக்கானா! பட்டத்தோட நீளத்துல அஞ்சு மடங்காவது வைக்கச் சொல்லணுமே" என்று பதறி, அப்போதே குரல்பதிவு அனுப்பினார். கேட்க முடியாவிட்டால் என்ன, பேச முடியுமே.

உங்கள் அப்பாவும் வீடியோவைத்தான் முதலில் தட்டுகிறாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை அங்கேதான். இன்னொன்று, படிக்கும் கண்ணாடி. அது குறிப்பிட்ட தூரத்துக்கென்றே அளவெடுத்தது. 2.5 பவர் கண்ணாடியில் ஏறக்குறைய 40 செ.மீ. தூரத்தில்தான் எழுத்து கூர்மையாகத் தெரியும். தெரியவில்லையே என்று போனை மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் மங்கும். வழக்கமாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்தில் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து படிக்க வருகிற அளவில் எழுத்தை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே வீடியோ மேலேயே எழுதி வந்துவிட்டவற்றுக்கு, ஆண்ட்ராய்டு போன் என்றால் Settings > Accessibility > Magnification உதவும். அதை இயக்கி, மூன்று தட்டுக் குறுக்குவழியைத் தேர்ந்தெடுத்தால், திரையை மூன்று முறை தட்டியதும் அந்த இடம் பெரிதாகும். இரண்டு விரலால் இழுத்து நகர்த்தலாம். ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது இது தடுமாற்றம்தான். முதலில் நிறுத்திவிட்டுப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அதைவிட, எழுதுவதை இனிமேல் கீழே உள்ள பெட்டியிலேயே எழுதும்படி மகனிடம் சொல்லிவிடுவது சுலபம்.

எழுத்து எவ்வளவு பெரிதானாலும் நடுவில் சில எழுத்துகள் காணாமல் போகின்றன, அல்லது நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று அப்பா சொன்னால், போனை விட்டுவிட்டுத் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படும்போது அப்படித் தெரியலாம். அதை எழுத்தளவால் சரிசெய்ய முடியாது.