படத்துக்குள் எட்டிப்பார்த்த மைக்: கேள்வி-பதில்

பரந்தனில் குறும்படம் எடுத்தனாங்கள். கமரா ஸ்டாண்டில் அசையாமல் நிண்டது. வசனத்தின் நடுவில் பூம் மைக் மேலால் எட்டிப்பார்க்குது. எப்படி அழிக்கிறது? (கிளிநொச்சி)

கமரா அசையவில்லையென்றால் பாதி வேலை முடிந்தது. அதே ஷாட்டில் மைக் வராத சில விநாடிகளைத் தேடிப் பிரதியெடுத்து, மேல் லேயரில் வையுங்கள். மைக்கைச் சுற்றி மட்டும் மாஸ்க் போட்டு, விளிம்பைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். மைக் இருந்த இடத்தில் பழைய வானம் வந்துவிடும்.

ஒரு பிரேமை மட்டும் உறையவைத்து ஒட்டாதீர்கள். மாலை வெளிச்சத்தில் எடுத்த ஷாட்டில் நான் அப்படி ஒட்டி, சுற்றிலும் படத்தின் இரைச்சல் புள்ளிகள் துடிக்க அந்த இடம் மட்டும் ஸ்டிக்கர் போல நின்றது. ஓடுகிற துண்டென்றால் அந்தப் புள்ளிகளும் உயிரோடிருக்கும்.

பின்னால் பனை நிற்கிறதா? மாஸ்க்கின் விளிம்பு ஓலையை வெட்டக்கூடாது. காற்றில் இரு துண்டுகளின் ஓலையும் வேறுவேறாக ஆடும், பாதி ஓலை அந்தரத்தில் தொங்கும். விளிம்பை வெறும் வானத்தாலோ அடிமரத்தாலோ கொண்டுபோங்கள். முடிவில் கொன்ட்ராஸ்டை உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள். முகில் மறைத்து வெளிச்சம் மாறியிருந்தால் ஒட்டு உடனே தெரியும். பார்த்தபின் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

மாங்குளத்தருகே ஏ9 வீதியில் எடுத்த ஷாட். விளம்பரப் பலகையை அழிக்கவேணும், ஆனால் அதுக்கு முன்னால ஒருவர் சைக்கிளில் போறார். (வவுனியா)

இங்கேதான் ரோட்டோ தேவை, அதாவது அசைகிற ஆளைச் சுற்றிக் கோடு வரைந்து வெட்டியெடுப்பது. அடியில் அசல், நடுவில் பலகையை மறைக்கும் ஒட்டு, மேலே அசலிலிருந்து வெட்டிய சைக்கிள்காரர். கமரா ஆடியிருந்தால் முதலில் பலகையை ட்ராக் செய்து, அந்த அசைவை ஒட்டுக்குக் கொடுங்கள்.

அவரை ஒரே கோடாக வரைந்தால் நரகம். தலை, உடல், மேல்கை, முன்கை, தொடை, கீழ்க்கால் என்று தனித்தனி வடிவங்கள் போடுங்கள். வடிவத்தின் கோட்டில் வைக்கும் புள்ளிகள் குறைவாக இருக்கட்டும். முழங்கையில் வைத்த புள்ளி கடைசிவரை முழங்கையிலேயே நிற்கவேண்டும்.

அவர் பலகையைக் கடக்க 36 பிரேம் எடுக்கிறது என்று வையுங்கள். முதலில் 0, 36 இரண்டிலும் வடிவத்தைப் பொருத்திக் கீ வையுங்கள், இடையிலுள்ள அசைவை மென்பொருளே நிரப்பும். பிறகு நடுவில் 18, தேவைப்பட்டால் 9, 27. காலுக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. பெடல் உச்சியிலும் அடியிலும் நிற்கும் பிரேம்களில் கீ வையுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் கீ வைத்தால் விளிம்பு நடுங்கும். மோஷன் பிளரை இயக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் கத்தரித்த கடதாசி மனிதர் போவார்.

சக்கரக் கம்பிகளை வெட்ட நினைக்காதீர்கள். பலகை உயரத்தில், சக்கரம் தொடுவது அதன் காலை மட்டும். அந்தச் சில பிரேம்களில் கையால் பூசிவிடலாம்.

மைக் போய்விட்டது, ஆனாலும் ஏதோ உறுத்துது. (முல்லைத்தீவு)

சுவரைப் பாருங்கள். மைக்கின் நிழல் இன்னும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். அதுக்கும் தனி மாஸ்க்.