நாமினியாகக் கொழுந்தன் பெயர்; பணம் யாருக்கு?

கேள்வி: என் கணவர் மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். மாமியாரும் இருக்கிறார், மாமனார் இல்லை. வங்கியில் 9 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, சுமார் 6 லட்சம் மதிப்புள்ள பங்குகள், 15 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. எல்லாம் திருமணத்துக்கு முன் தொடங்கியவை. வங்கியிலும் பங்குக் கணக்கிலும் கொழுந்தனாரும், காப்பீட்டில் மாமியாரும் நாமினி. பங்குகள் ஏற்கெனவே கொழுந்தனார் பெயருக்குப் போய்விட்டன. "நாமினி நான்தான், சட்டப்படி எனக்கே சொந்தம்" என்கிறார். ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார். வங்கி மேலாளரும் நாமினிக்குத்தான் கொடுக்க முடியும் என்கிறார். எனக்கு ஒன்றுமே இல்லையா? — வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, முதலில் அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உங்கள் பங்கு மட்டுமல்ல, உங்கள் மகளின் பங்கும் அடங்கியிருக்கிறது. குழந்தையின் காப்பாளராக நீங்கள் அவள் நலனுக்காகத்தான் கையெழுத்திடலாம். அவளுக்குச் சேர வேண்டியதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க அல்ல.

வங்கி மேலாளர் சொன்னது சரி. கொழுந்தனார் சொல்வது தவறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல குடும்பங்களில் விதவைகள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு முடியும் என்பது ஒரு கேள்வி. கொடுத்த பணம் யாருடையது என்பது வேறு கேள்வி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ZA பிரிவு முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு வங்கிக் கணக்கு வழக்கில் தெளிவாகச் சொன்னது. பங்குகளில் மட்டும் சில காலம் குழப்பம் இருந்தது. நாமினியே முழு உரிமையாளர் என்று 2010-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்திருந்தார். உங்கள் கொழுந்தனாருக்கு யாரோ அதைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கருத்து பிறகு தள்ளுபடியாகி, 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கம்பெனிச் சட்டப்படி செய்யும் நாமினி நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று முடித்துவிட்டது.

அப்படியானால் உரிமையாளர் யார்? உங்கள் கணவர் உயில் எழுதியிருந்தால் உயில் சொல்பவர். அதனால் பீரோவையும் அலுவலக மேசையையும் ஒருமுறை நன்றாகத் தேடிவிடுங்கள். உயில் இல்லையென்றால், நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகள், தாய் ஆகிய மூவர். மூவருக்கும் சம பங்கு. தம்பி அந்த வரிசையில் இல்லை. வைப்புத்தொகை 9 லட்சத்தில் உங்களுக்கு 3, மகளுக்கு 3, மாமியாருக்கு 3 லட்சம். பங்குகளில் ஆளுக்கு 2 லட்சம். கொழுந்தனாருக்கு ஒரு ரூபாயும் இல்லை. அவர் கையில் வரும் பணம் உங்கள் மூவருக்காக வாங்கி வைத்திருக்கும் பணம்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? கொழுந்தனார் வைத்துக்கொண்டால் உங்கள் மாமியாருக்கும் 5 லட்சம் நஷ்டம். அவர் இப்போது மகன் பக்கம் நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் சட்டத்தில் அவர் உங்களோடு நிற்கும் வாரிசு. வழக்கறிஞர் நோட்டீஸ் போகும் முன் உறவில் பெரியவர் ஒருவரை வைத்து இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் நிலைமை வேறு, அங்கே உங்களுக்கு நான் உறுதி தர முடியாது. 1984-ல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு நாமினியும் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே என்றது. ஆனால் 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நாமினியாக வைத்தால் அவரே பலனுக்கு உரியவர் என்கிறது திருத்தம். பாலிசி எப்போது எடுக்கப்பட்டது என்பது முக்கியமல்ல. தொகை எப்போது வழங்க வேண்டியதாகிறது என்பதுதான். உங்கள் மாமியார் தாய் என்பதால் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார். அதே இடத்தில் கொழுந்தனார் பெயர் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

ஆனாலும் கதவு முழுதாக மூடவில்லை. திருமணத்துக்கு முன் தாயை நாமினியாக வைத்த ஒருவர் பிறகு அதை மாற்றாமலே இறந்த வழக்கில், இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தை மீறாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லி, தாய், மனைவி, மகன் மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தது. உங்கள் கதையும் ஏறக்குறைய அதேதான். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். வென்றால் ஆளுக்கு 5 லட்சம். தோற்றால் 15 லட்சமும் மாமியாருக்கு. ஆகவே காப்பீட்டை வைத்து மாமியாரோடு சமரசம் பேசுவதும், வைப்புத்தொகை, பங்குகள் இரண்டிலும் கொழுந்தனாரிடம் உறுதியாக நிற்பதும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. குழந்தைக்கும் கொஞ்சம் எழுதிவைக்க மாமியார் சம்மதித்தால் அதைப் பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது அவசரமான வேலை. "நாமினிக்குக் கொடுக்காதீர்கள்" என்று வங்கிக்கு நீங்கள் எழுதும் கடிதம் மட்டும் போதாது. மூன்றாவது நபரின் உரிமைக் கோரிக்கை அறிவிப்பை வங்கி ஏற்கத் தேவையில்லை என்றே அதே சட்டம் சொல்கிறது. நீதிமன்ற ஆணை வந்தால்தான் அது கட்டுப்படும். நாமினியின் ஆவணங்கள் முழுமையாக இருந்தால் 15 நாட்களுக்குள் தொகையை வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் பங்கு கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தொகையைக் கொடுக்கவும் பங்குகளை விற்கவும் இடைக்காலத் தடை கேளுங்கள். பணம் அதற்குள் கொழுந்தனாரிடம் போய்விட்டால் வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது. அவரிடமிருந்து மீட்க வேண்டியிருக்கும். செலவழித்துவிட்ட பணத்தை மீட்பது பெரும் பாடு.

வழக்குக்கு ஆதாரம் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். கணவரின் மின்னஞ்சலைத் திறக்க முடிந்தால், டெபாசிட்டரி நிறுவனங்களான என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் தேடுங்கள். எந்தப் பங்கு எத்தனை இருந்தது என்று அதில் இருக்கும். வைப்புத்தொகை வட்டியில் வரி பிடித்திருந்தால், வருமான வரி 26ஏஎஸ் அறிக்கையில் வங்கியின் பெயரும் தெரிந்துவிடும். இறப்புச் சான்றிதழோடு, இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அதில் உங்கள் மூவரின் பெயரும் இருக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று: கணவருக்கு வருங்கால வைப்பு நிதி இருந்ததா? இருந்தால் அதற்கும் கொழுந்தனாரை நாமினியாக எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். திருமணமாகிக் குடும்பம் வந்ததும் குடும்பத்தில் இல்லாதவர் பெயரில் இருந்த நியமனம் அந்தத் திட்டத்தின் விதிப்படி தானாகவே செல்லாமல் போகிறது. நிதிக்குப் படிவம் 20, விதவை மற்றும் குழந்தை ஓய்வூதியத்துக்கு 10டி, அதோடு இணைந்த காப்பீட்டுக்கு 5ஐஎஃப். மூன்றையும் அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் வழியாகக் கொடுங்கள்.