வள்ளியூர் போர் தண்ணீரும் ஆர்ஓவும்

"வள்ளியூர் பக்கம் எங்க வீட்டு போர் தண்ணீர் ரிப்போர்ட்ல டிடிஎஸ் 900, கடினத்தன்மை 480. ஆர்ஓ வாங்கணுமா?"

குடிக்க இது மட்டும்தான் என்றால் வாங்கலாம். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்புகள், 500, கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000, 600 வரை ஏற்கலாம். உங்களுடையது நடுவில் நிற்கிறது.

அப்புறம், காரத்தன்மை எண்ணையும் பாருங்கள். அது 300 என்றால், காய்ச்சும்போது கடினத்தன்மையில் அதிகபட்சம் 300தான் வெள்ளைப் படிவாக இறங்கும்; மீதி 180 போகாது. சாஃப்ட்னர் கடினத்தன்மையை எடுக்கும், ஆனால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் சேர்வதால் டிடிஎஸ் குறையாது. துவைக்க அது போதும்.

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வந்தால் அதைக் காய்ச்சிக் குடியுங்கள். அப்போது ஆர்ஓ வீண்செலவு.