கம்பெனி ப்ரொஃபைல் அத்தியாயமும் காப்பி சதவீதமும்: இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரிப்போர்ட்டின் ஒரே அத்தியாயத்தைப் பற்றியவை: "கம்பெனி ப்ரொஃபைல்". கல்லூரி நூலகத்தில் மாணவர் ரிப்போர்ட்டுகளைச் சோதித்துக் கொடுப்பது என் வேலை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பதை நானும் பார்த்து வருகிறேன்.

கப்பலூர் சிட்கோ பகுதியில் ஒரு நூற்பாலையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். டர்னிட்டின் காப்பி சோதனையில் 34% வந்திருக்கிறது. கைடு 20-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார். வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டும் குறையவில்லை. என்ன செய்வது? – எம்.பி.ஏ. மாணவி, திருமங்கலம்

மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு, அதன் கீழே வரும் பட்டியலைப் பாருங்கள் அம்மா. நீங்கள் அனுப்பியதில் 12% மில்லின் வெப்சைட், 9% உங்கள் கல்லூரி பெயரிலேயே `Student Paper`, 5% கடைசியில் உள்ள மேற்கோள் நூல்கள், 4% சான்றிதழ் மற்றும் உறுதிமொழிப் பக்கங்கள். மீதி 4% அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பொதுச் சொற்றொடர்கள்.

சான்றிதழும் உறுதிமொழியும் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, முதல் அத்தியாயத்திலிருந்து மட்டும் அப்லோட் செய்யச் சொல்லுங்கள். மேற்கோள் பட்டியலை நீக்க மென்பொருளிலேயே வசதி உண்டு. ஆனால் பட்டியலின் தலைப்பு தனி வரியில் `References`, `Bibliography` போன்ற வழக்கமான சொல்லாக இருந்தால்தான் அது அடையாளம் கண்டுகொள்ளும். இவ்வளவு செய்தாலே ஏறத்தாழ 25-க்கு வந்துவிடும். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை, உங்கள் எழுத்து அல்லாததைக் கணக்கிலிருந்து எடுக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 9%. அதைக் கிளிக் செய்தால் எந்த வரிகள், எந்தத் தேதியில் சேர்ந்தவை என்று தெரியும். நீங்களே போன மாதம் கொடுத்த டிராஃப்ட் மென்பொருளின் சேமிப்பில் உட்கார்ந்திருந்தால் அதோடுதான் பொருந்தியிருக்கும். அந்த ஒரு மூலத்தை நூலகரோ கைடோ விலக்கிக் கொடுப்பார். உங்கள் பட்டியலில் அப்படி இல்லை. பொருந்தியிருப்பது நூற்பு முறை பற்றிய பக்கங்கள், தேதி போன வருடத்தது. அதே மில்லுக்குப் போன சீனியரின் ரிப்போர்ட்டிலிருந்து வந்தவை அவை.

புளோ ரூம், கார்டிங், டிரா ஃபிரேம், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் என்ற வரிசை எந்தப் பஞ்சாலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அதை விவரித்த வாக்கியங்கள் சீனியருடையவை. சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டால் சதவீதம் பெரிதாக அசையாது, ஏனென்றால் நீங்கள் மாற்றாத சொற்கள் அதே வரிசையில் நின்று பொருந்திக்கொண்டே இருக்கும். அப்படியே குறைந்தாலும் அது காப்பிதான். அந்தப் பக்கங்களை மூடிவைத்துவிட்டு உங்கள் குறிப்பு நோட்டை எடுங்கள். நீங்கள் நின்ற ஷெட்டில் எத்தனை ரிங் ஃபிரேம் ஓடியது, எந்த கவுண்ட் நூல், ஷிஃப்டில் எத்தனை பேர், நூல் அறுந்தால் யார் முடிச்சுப் போட்டார்கள் என்று எழுதினால் அது வேறு எந்த ரிப்போர்ட்டோடும் பொருந்தாது.

கம்பெனி வரலாறு கம்பெனியின் வெப்சைட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுக்காமல் எப்படி எழுத முடியும்? – பி.பி.ஏ. மாணவர், மேலூர்

தகவலை எடுக்கலாம் தம்பி, தடையில்லை. வாக்கியத்தை எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். எப்படி எடுத்தாலும் மூலத்தைச் சொல்ல வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தப் பக்கம் விற்பனைக்காக எழுதப்பட்டது. "1979 முதல் தென்னிந்தியாவின் முன்னணி நூல் உற்பத்தியாளர்" என்று போட்டிருந்தால், 1979 என்பது சரிபார்க்கக்கூடிய தகவல், "முன்னணி" என்பது கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இரண்டாவதை உங்கள் குரலில் எழுதினால், காப்பி சதவீதம் பூஜ்யமாக இருந்தாலும் ரிப்போர்ட் விளம்பரமாகிவிடும். "தன்னை முன்னணி உற்பத்தியாளர் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது" என்று எழுதி மூலத்தைக் காட்டுங்கள்.

வருடத்தைச் சரிபார்க்க உங்கள் கையிலேயே ஆதாரம் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பதிவு பெற்ற கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். எனும், எழுத்தும் எண்ணும் கலந்த 21 இலக்க அடையாள எண் அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் லெட்டர்ஹெட்டில் வந்திருந்தால் அதில் தேடுங்கள். எழுத்துகளையும் சேர்த்து எண்ணினால் 9 முதல் 12 வரையிலான இலக்கங்கள் கம்பெனி பதிவான ஆண்டு. அது 1987 என்று காட்டி, வெப்சைட் 1979 என்று சொன்னால் பொய் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். முதலில் பார்ட்னர்ஷிப்பாக நடந்து, பிறகு பிரைவேட் லிமிடெட் ஆகியிருக்கலாம். எச்.ஆர். அதிகாரியிடம் கேட்டு இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பதிவு விவரம் பார்க்கலாம். பார்ட்னர்ஷிப் கடைகளுக்கு இந்த எண் இருக்காது, அங்கே உரிமையாளர் சொன்னதுதான் மூலம்.

மில்லில் கொடுத்த எஸ்.ஓ.பி. எனும் வேலைமுறை ஆவணம், தினசரி உற்பத்தித் தாள் இவற்றை மேற்கோள் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? – எம்.பி.ஏ. மாணவர், வாடிப்பட்டி

ஏ.பி.ஏ. எனும் மேற்கோள் முறையில், வாசகர் தேடிப் பெற முடியாத ஆவணம் கடைசிப் பட்டியலில் வராது. அதைத் தனிப்பட்ட தகவல் தொடர்பாகக் கருதி, பத்திக்குள்ளேயே குறிப்பிட வேண்டும். கொடுத்தவர் பெயரும் தேதியும் `personal communication` என்ற சொல்லும் அடைப்புக்குள் வரும். அத்துடன் ஆவணத்தின் பெயர், எண், எந்தத் திருத்தப் பதிப்பு, எந்தப் பிரிவு என்பதையும் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எஸ்.ஓ.பி. அடிக்கடி திருத்தப்படும், பதிப்பு எண் இல்லாவிட்டால் நீங்கள் பார்த்தது எது என்று வைவாவில் சொல்ல முடியாது. ஆண்டறிக்கை போலப் பொதுவில் கிடைப்பவை மட்டும் பட்டியலுக்குப் போகும்.

மேற்கோளை விட அனுமதி முக்கியம். வாடிக்கையாளர் பெயர், விலை, பஞ்சு வாங்கிய ரேட் இவற்றை எழுத மில்லிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், அல்லது "வாடிக்கையாளர் அ" என்று மாற்றுங்கள். சோதிக்கக் கொடுக்கும்போது `no repository` என்ற அமைப்பில் போடும்படி நூலகரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட் சேமிப்பில் தங்கும். வேறு கல்லூரி மாணவரின் தாள் அதோடு பொருந்தினால், அந்த ஆசிரியர் உங்களுடையதைப் பார்க்க அனுமதி கேட்கும் வழியும் உண்டு.

வெப்சைட் பக்கத்தில் தேதியே இல்லை. – பி.காம். மாணவி, உசிலம்பட்டி

அடியில் உள்ள காப்பிரைட் வருடத்தை எடுத்துப் போடாதீர்கள், அது அந்தப் பக்கம் எழுதப்பட்ட தேதி அல்ல. இப்படி எழுதுங்கள்:

```
Company Name. (n.d.). About us.
Retrieved June 12, 2025, from
https://www.example.com/about
```

நீங்கள் பார்த்த தேதியைச் சேர்ப்பது, பக்கம் மாறக்கூடியது என்பதால். அதே நாளில் `web.archive.org` தளத்தில் `Save Page Now` மூலம் ஒரு நகலையும் சேமித்து வைத்தால், பிறகு பக்கம் மாறினாலும் காட்டலாம்.

யு.ஜி.சி. விதி 10% என்கிறதே, எங்கள் கல்லூரி 20% என்கிறது. எது சரி? – கைடு ஒருவர், மதுரை

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் 10% வரை தண்டனை இல்லை என்றிருப்பது முதுகலை, ஆய்வுப் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அசைன்மென்ட் போன்றவற்றை அந்த வரையறை வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறது. ஆகவே இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டுக்கு உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வைத்த எல்லைதான் செல்லும். அந்த எல்லையோடு, எதையெல்லாம் விலக்கிவிட்டு எண்ண வேண்டும் என்பதையும் துறையில் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை நீக்கி எண்ணும் ஒரு கைடுக்கும் நீக்காமல் எண்ணும் இன்னொருவருக்கும் ஒரே ரிப்போர்ட் வேறு வேறு எண் காட்டும்.