பெருங்குடியில் வேலை: பிஜியா, பங்கு வீடா?

"அடுத்த மாதம் சென்னை வருகிறேன். பிஜியில் இருவர் அறை, சாப்பாட்டோடு 9,500. ஏசி கரண்ட் தனி. நண்பர்கள் இருவர் 24,000 வாடகை வீட்டில் சேரச் சொல்கிறார்கள். 8,000தானே, அதுவே லாபம் இல்லையா?"

8,000 வாடகை மட்டும்தான் நண்பரே. அவர்களிடம் பில்களை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பராமரிப்பு 2,400, வைஃபை 700, சிலிண்டரும் தண்ணீர் கேனும் 1,500, சமையல் அக்காவுக்கு 4,500 என்று வைத்தால் தலைக்குச் சுமார் 3,000. மளிகை, காய்க்கு 2,500. கரண்ட் சேர்க்கும் முன்பே 13,500 ஆகிவிடும்.

ஈபி பில் இரண்டு மாதத்துக்கானது, பாதியைத்தான் மாதக் கணக்கில் சேர்க்கணும். ஜனவரி பில்லைக் காட்டினால் நம்பாதீர்கள், மே, ஜூன் பில்லைக் கேளுங்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான குறைந்த விலையும் பறிபோகும். ஏசி ஓடும் வீட்டில் பில் திடீரென எகிறுவது இதனால்தான். ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால், அரசு தரும் 100 இலவச யூனிட் உங்களுக்கு வந்து சேராது.

பிஜியிலும் யூனிட் விலையைக் கேளுங்கள். 10 ரூபாய் வீதம் 120 யூனிட் ஓடினால் உங்கள் பங்கு 600. குடியேறும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள், இல்லையென்றால் பழைய ஆளின் யூனிட்டும் உங்கள் தலையில் விழும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் இருக்காது. வெளியே 80 ரூபாய் என்றால் 22 நாளுக்கு 1,760. மொத்தம் சுமார் 11,900.

வீட்டில் ஒருவர் காலி செய்தால் உங்கள் வாடகைப் பங்கு 12,000. அட்வான்ஸும் மொத்தமாக முடங்கும். முதல் மூன்று மாதம் பிஜிதான் என் ஓட்டு.