5 காசுக்கு மகளையும் சேர்த்தா கேட்கிறார்கள்?

கேள்வி: கச்சாங் பூத்தே பாக்கெட் போடும் வேலை வந்திருக்கிறது. பாக்கெட்டுக்கு 5 காசு, வாரம் 1,000 பாக்கெட். சீல் மெஷினுக்கு 150 வெள்ளி டெபாசிட். சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதி. போட்டுப் பார்த்ததில் 20 பாக்கெட்டுக்கு 16 நிமிடம் ஆனது. ஆண்டு 4 படிக்கும் மகளும் கைகொடுப்பாள், இரண்டு நாளில் முடித்துவிடலாம். எடுக்கலாமா அக்கா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: "மகளும் கைகொடுப்பாள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதில்தான் இருக்கிறது விஷயம். அந்தப் பிள்ளையின் மணிநேரத்துக்குக் காசு யார் தருகிறார்கள்? யாருமில்லை. அவளைக் கணக்கில் சேர்க்காததால்தான் 5 காசு உங்களுக்குக் கட்டுப்படியாவதுபோல் தெரிகிறது.

உங்கள் வேகத்தில் மணிக்கு 75 பாக்கெட். ஆயிரத்துக்கு 13 மணி 20 நிமிடம். சரக்கை எடுக்கவும் கொடுக்கவும் இரண்டு நடை, காத்திருப்பதையும் சேர்த்து 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வரவு 50 வெள்ளி. மோட்டார் பெட்ரோல் 3 வெள்ளி. நூற்றுக்கு 3 பாக்கெட் கழிந்து, கூலியும் போய், சரக்குக்கென்று பாக்கெட்டுக்கு 20 காசும் பிடித்தால் ஏழரை வெள்ளி போச்சு. மிச்சம் முப்பத்தொன்பதரை. மணிக்கு இரண்டரை வெள்ளிக்குச் சற்று மேல்! நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. 10 காசு தந்தாலும் 6 வெள்ளியைத் தொடாது. பிள்ளை கூட உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கூலி ஏறாது. அவள் வீட்டுப்பாடம்தான் குறையும். பெற்றவளுக்கு இது தெரிய வேண்டாமா?

கழிவு எப்படி வருகிறதென்றும் பாருங்கள். பாக்கெட் வாயில் எண்ணெயோ உப்புத்தூளோ ஒட்டியிருந்தால் சீல் பிடிக்காது. சூடு கூடினால் ஓரம் உருகி ஓட்டை விழும். ஒவ்வொன்றையும் மெல்ல அமுக்கிப் பாருங்கள். காற்று கசிந்தால் கடலை நமத்துவிடும். கழிவை உங்கள் கண்முன் எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் இடத்தில் எண்ணி, பிறகு போனில் தொகை சொன்னால் எதை வைத்துச் சண்டை போடுவீர்கள்? மெஷினில் கம்பியும் அதன்மேல் மூடிய துணியும் தேய்ந்துபோகும். அதை மாற்றும் செலவு யாருடையது என்றும் கேளுங்கள்.

சம்பளத் தேதியும் சரியில்லை. முதல் வாரம் போட்டதற்குக் காசு வர ஆறு வாரம் ஆகும். அதற்குள் 5,000 பாக்கெட்டுக்கு மேல் கொடுத்திருப்பீர்கள். 250 வெள்ளியும் டெபாசிட்டும் அவர்கள் கையில். சரக்கை நிறுத்தினால் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

டெபாசிட் கட்டாதீர்கள். மெஷினை இரவல் கேளுங்கள். 200 பாக்கெட் மட்டும் எடுத்து, கொடுத்த அன்றே காசு வாங்குங்கள். பாக்கெட் விலை, கழிவுப் பிடித்தம், காசு தரும் நாள் மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மறுத்தால் அந்த 200ஐயும் எடுக்காதீர்கள்.